அணையைத் திறக்காமல் இருந்திருந்தால் ஏரலில் தண்ணீர் ஏறியிருக்காதா?

ஏரல் மருமகள்

எங்கள் வீட்டில் ஓயாமல் நடக்கும் ஒரு வாக்குவாதத்தை இங்கே கொண்டு வருகிறேன். தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரல்தான் எங்கள் ஊர். 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. பகல் முழுதும் மழை. இரவு 10 மணி அளவில் பாபநாசம் அணையிலிருந்து உபரி நீர் திறந்துவிடப்பட்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். விடியற்காலை 3 மணிக்கு எங்கள் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. மறுநாள் மதியம் நெஞ்சளவு. மாமனாரின் மளிகைக் கடையில் ஒரு மூட்டைகூட மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்: "அன்றைக்கு ராத்திரி அணையைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடை போயிருக்காது." போன வாரம் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், "திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், தாத்தா?" என்று கேட்டுவிட்டான். அவன் மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மாமனார் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டார்.

நடக்காத ஒன்றைப் பற்றிய இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? அல்லது ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு போகவேண்டியதுதானா?

காயல் காற்று

அக்கா, இதில் சோதிக்க என்ன இருக்கிறது? அந்த 24 மணி நேரத்தில் எங்கள் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். எங்களுக்கு மேலே எந்த அணையும் இல்லை, ஆனாலும் தெருவெல்லாம் கடலாகத்தான் கிடந்தது. அணை இல்லாத ஊரிலும் வெள்ளம் வந்திருக்கிறது என்றால் வெள்ளத்துக்குக் காரணம் அணை இல்லை, மழைதான். உங்கள் மகன் கேட்டது சரி.

குறுக்குத்துறை

நான் நெல்லையில் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன், வயது 71. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் மோதிப் பிரிந்து போகட்டும் என்று அதன் முகப்பைப் படகு முனை போலக் கட்டியிருக்கிறார்கள். பாபநாசம் அணைக்கு வெகு காலம் முந்திய கோயில் அது. அணை இல்லாத காலத்திலும் வெள்ளம் வந்ததால்தானே அப்படிக் கட்டினார்கள்?

1992 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்தவன் நான். அப்போதும் இதே அணைகள் இருந்தன, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. அணை இருந்தும் ஒரு முறை குறைவாகவும் ஒரு முறை அதிகமாகவும் வருகிறது என்றால், அணைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதானே ஆகிறது?

மதகடி

நீர்வள வேலையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். அணையிலும் இருந்திருக்கிறேன், கால்வாய்ப் பிரிவிலும் இருந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காயல் தம்பிக்கு. காயல்பட்டினத்தில் அணை இல்லாமலே வெள்ளம் வந்தது என்பது உங்கள் ஊர் வெள்ளத்துக்கு அசைக்க முடியாத சான்று. ஆனால் உங்கள் ஊரில் விழுந்த மழை ஏரலுக்கு ஏறி வராது, அங்கிருந்தே கடலுக்குப் போய்விடும். அணையும் மழையும் சேர்ந்து பாதிக்கக்கூடிய இடம் ஏரல். மழை மட்டுமே போதும் என்று ஓரிடத்தில் தெரிந்துவிட்டதால் இன்னோரிடத்தில் அணை எதையும் கூட்டவில்லை என்று ஆகாது.

குறுக்குத்துறை அண்ணாச்சி 1992-ஐ ஒப்பிடுகிறார். அந்த மழை வேறு, இந்த மழை வேறு. "அணை திறக்காவிட்டால்" என்று கேட்கும்போது 2023-இன் மழை முழுவதையும் அப்படியே வைத்துக்கொண்டு திறப்பை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மழை மாறிய இன்னோர் ஆண்டை எடுத்து வைத்தால் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோயிலின் சான்று நல்ல சான்று. ஆனால் அணை இல்லாமலும் வெள்ளம் வரும் என்பதைத்தான் அது காட்டுகிறது. அந்த இரவில் எவ்வளவு வந்திருக்கும் என்று அதைக் கேட்க முடியாது.

இனி ஏரல் மகளுடைய கேள்வி. உங்கள் மாமனாரின் வாக்கியத்தில் ஒரு பாதி சொல்லப்படாமல் இருக்கிறது. திறக்காமல் இருந்திருந்தால், அதற்குப் பதிலாக என்ன நடந்திருக்க வேண்டும்? இதற்கு மூன்று விடைகள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடும்.

அணை நிரம்பிய பிறகும் மதகைத் திறக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், நீர் நிற்காது. மேல் வழியாக வழியும். மண்கரை உள்ள அணையாக இருந்தால் வழிகிற நீர் கரையையே அரித்துவிடும், பிறகு வருவது வெள்ளம் அல்ல, பிரளயம். ஆகவே நிரம்பிய அணையைத் திறக்காமல் விடுவது என்ற ஒரு வழியே அந்த இரவில் இல்லை.

அணையே கட்டப்படவில்லை என்று வைத்துக்கொண்டால், மலையில் பெய்தது முழுவதும் தடையில்லாமல் அப்படியே இறங்கியிருக்கும். இங்கே பார்க்கவேண்டியது இரண்டே எண்கள்: அந்த மணி நேரத்தில் அணைக்குள் வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு. வினாடிக்கு 40,000 கன அடி வந்து 30,000 வெளியே போயிருந்தால், அந்த மணி நேரத்தில் அணை உங்களுக்கு வர இருந்த வெள்ளத்தில் 10,000-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. 40,000 வந்து 45,000 போயிருந்தால் அணை கூட்டியது 5,000 மட்டும். 45,000 என்ற எண்ணைத் தனியாகக் கேட்டுவிட்டு "இத்தனையையும் திறந்துவிட்டார்கள்" என்று சொல்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

மூன்றாவது, முன்கூட்டியே நீரை இறக்கி அணையில் இடம் வைத்திருந்தால் என்பது. நியாயமான கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்குக் கணக்கு உண்டு, இரவில் எழுதுகிறேன்.

பாளை வாசகன்

ஐயா, மன்னிக்கவும், கோபமாகவே எழுதுகிறேன். எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன! நீங்கள் கணக்குப் போட்டு யாருடைய தவறும் இல்லை என்று முடிக்கப் பார்க்கிறீர்கள். மக்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதது தவறு இல்லையா? 10 மணிக்கு வந்து ஒலிபெருக்கியில் சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்?

மதகடி

தம்பி, யாருடைய தவறும் இல்லை என்று நான் எழுதவே இல்லை. நீங்கள் சொல்வது வேறொரு கேள்வி, அதை நான் மதிக்கிறேன். தண்ணீர் எதனால் வந்தது என்பது ஒன்று, கடை எதனால் போனது என்பது இன்னொன்று. மாலை 5 மணிக்கே எச்சரிக்கை வந்திருந்தாலும் தண்ணீர் வந்தே இருக்கும். ஆனால் மூட்டைகள் மாடிக்கோ பரணுக்கோ போயிருக்கும் அல்லவா? மகளே, உங்கள் கடைக்கு மேலே இடம் உண்டா?

ஏரல் மருமகள்

உண்டு, ஐயா. கடைக்கு மேலேயே மாடி அறை. ஆளிருந்தால் மூட்டைகளை ஏற்ற இரண்டு மணி நேரம் போதும். 10 மணிக்கு அறிவிப்பைக் கேட்டதும் மாமனார் ஆற்றுப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னும் கரை தெரிகிறது" என்று வந்து படுத்துவிட்டார். இதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. அவர் வாயிலிருந்து அணை என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு அவர் வந்து படுத்ததுதான் நினைவுக்கு வருகிறது.

வாழைத்தோப்பு

எனக்கும் இதே மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது, இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் வாழை. இரவு 1 மணிக்கு, தோட்டத்துக்கு மேலே இருக்கும் குளம் உடைந்து தோட்டம் மூழ்கியது. 5 மணிக்கு ஆற்று வெள்ளமும் அதே தோட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. குளத்தின் உபரி நீர் வழியும் மறுகாலை ஒழுங்காகத் தூர்வாரியிருந்தால் குளம் உடைந்திருக்காது என்று நான் சொல்கிறேன். என் மைத்துனர் சொல்கிறார்: "குளம் உடையாவிட்டாலும் 5 மணிக்கு ஆறு வந்து எல்லாவற்றையும் மூழ்கடித்திருக்கும். ஆகவே குளத்தைக் குறை சொல்லாதே." அவர் சொல்வதைக் கேட்டால் சரியாகவே இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. அப்படிப் பார்த்தால் ஆற்றையும் குறை சொல்ல முடியாதே! ஆறு வராவிட்டாலும் குளம் மூழ்கடித்திருக்குமே! வாழை எதனாலும் சாகவில்லையா?

மதகடி

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். இரண்டில் ஒவ்வொன்றும் தனியே போதுமானதாக இருக்கும்போது "இது இல்லாவிட்டால்" என்ற கேள்வி இரண்டையுமே விடுவித்துவிடும். அந்தக் கேள்விக்கே உள்ள குறை அது. அப்போது விளைவைப் பொதுவாகச் சொல்லாமல், இன்னும் கூர்மையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். "தோட்டம் மூழ்கியது" என்று நிறுத்தாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு தோட்டத்தில் என்ன கிடந்தது?

வாழைத்தோப்பு

மணல். குளக்கரை உடைந்த பக்கத்தில் முழங்கால் அளவுக்கு மணலும் சரளையும். கரை உடைந்த இடத்திலிருந்து விசிறி மாதிரி பரந்து கிடந்தது. கிட்டத்தட்ட முக்கால் ஏக்கர். மீதி இடத்தில் வண்டல்தான், விரல் கனத்துக்கு.

மதகடி

அப்படியானால் பாதி விடை உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. கரை உடைந்து பாயும் நீர் கரையின் மண்ணையும் அடியில் இருக்கும் மணலையும் வாரிக்கொண்டு வந்து, வேகம் குறைந்த இடத்தில் கொட்டும். கரை மீறிப் பரவும் ஆற்று நீர் தோட்டத்துக்கு வரும்போது மெதுவாக வரும், பெரும்பாலும் வண்டலைத்தான் விடும். குளம் உடையாமல் ஆறு மட்டும் வந்திருந்தால் வாழை போயிருக்கும், ஆனால் அடுத்த கன்று நடுவதற்கு முக்கால் ஏக்கர் மணலை அள்ளவேண்டி வந்திருக்காது. வாழைக்கு உங்கள் மைத்துனர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம். நிலத்துக்கு ஒப்புக்கொள்ள முடியாது.

காயல் காற்று

இதைப் படித்த பிறகு நான் முதலில் எழுதியது அவசரம் என்று தெரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். மணல் கிடப்பதைப் பார்த்து எது வந்தது என்று சொல்ல முடிகிறது. ஏரலில் இரண்டும் தண்ணீர்தானே? மழைத் தண்ணீர் எது, அணைத் தண்ணீர் எது என்று எப்படிப் பிரிப்பது?

மதகடி

நேரத்தை வைத்துப் பிரிக்கலாம். பாபநாசத்திலிருந்து ஏரல் வரை ஆற்றின் போக்கில் 80 கிலோமீட்டருக்குக் குறையாது. வெள்ளத்தில் மிதக்கும் ஒரு கட்டை மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தின் ஏற்றம் அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், ஏனென்றால் பின்னால் வரும் நீர் முன்னால் இருப்பதைத் தள்ளும். அதற்கு மணிக்கு 10 கிலோமீட்டர் என்று தாராளமாகவே கொடுப்போம். எட்டு மணி நேரம் ஆகிறது. 10 மணிக்குத் திறந்த நீரின் முதல் அடி ஏரலுக்கு வரக் காலை 6 மணி. உங்கள் வாசற்படியை 3 மணிக்குத் தாண்டிய தண்ணீர் அதுவாக இருக்க முடியாது. அது பாபநாசத்திலிருந்து வந்திருந்தால் மாலை 7 மணிக்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். அல்லது அணைக்குக் கீழே விழுந்த மழையாக இருக்க வேண்டும். ஸ்ரீவைகுண்டத்திலேயே அன்று 60 சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருக்கிறது. சீவலப்பேரியில் வந்து சேரும் சிற்றாறு குற்றாலத்துத் தண்ணீரைக் கொண்டுவருவது. அதற்கும் பாபநாசத்துக்கும் தொடர்பே இல்லை.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். அறிவிப்பு உங்கள் காதுக்கு எட்டிய நேரம் திறந்த நேரம் ஆகாது. பிற்பகலிலேயே திறந்திருக்கலாம், இரவில் கூட்டியிருக்கலாம். மேலும், 3 மணித் தண்ணீரைப் பற்றி நான் சொன்னது மறுநாள் மதிய நெஞ்சளவுக்குப் பொருந்தாது. உள்ளே வந்தது ஒரு கேள்வி. அவ்வளவு உயரம் ஏறியது வேறு கேள்வி. இரண்டாவதில் அணையின் பங்கு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மகளே, மாமனாரிடம் ஒன்று கேளுங்கள், ஆனால் குறுக்கு விசாரணை மாதிரி கேட்காதீர்கள். முதலில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, ஆற்றுப் பக்கமிருந்தா, வயல் பக்கமிருந்தா? மிதந்த பொருள்கள் எந்தப் பக்கம் போயின?

இனி, முன்பு சொன்ன கணக்கு. வினாடிக்கு 40,000 கன அடி என்றால் ஒரு மணி நேரத்தில் 14 கோடியே 40 லட்சம் கன அடி. எங்கள் பேச்சில் 144 மில்லியன் கன அடி. பாபநாசம் அணையின் மொத்தக் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. அதில் முன்கூட்டியே 1,000 மில்லியன் கன அடி காலியாக வைத்திருந்தால், மேலே சொன்ன வரத்தை ஏழு மணி நேரம் முழுதாக உள்ளே வாங்கிக்கொள்ளலாம். ஏழு மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த ஏழு மணி நேரம் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். வெள்ளத்தின் உச்சம் வருவதற்கு முன்பே அந்த இடம் நிரம்பிவிட்டால், உச்சம் குறையாமல் அப்படியே போகும். தாமதமாகும், அவ்வளவுதான். சிற்றாற்றின் உச்சம் கடந்த பிறகு அது வந்து சேர்ந்தால் உங்களுக்கு நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் சீவலப்பேரியில் சந்தித்தால் காலி வைத்ததே கேடாக முடியும்.

குறுக்குத்துறை

ஒப்புக்கொள்கிறேன், 1992-ஐ நான் இழுத்திருக்கக் கூடாது. ஆனால் காலி வைப்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு. டிசம்பரில் பிசானத்துக்கு நட்டுவிட்டுப் பயிர் நிற்கும் நேரம். அணையை இறக்கிவிட்டு, சொன்ன மழை வராமல் போயிருந்தால் என்ன ஆகும்? மாசி வரை தண்ணீர் வேண்டும். "அணையைத் திறக்காமல் இருந்திருந்தால் என் நெல் காய்ந்திருக்காது" என்று இதே மாமனார் மாதிரி ஒருவர் அம்பாசமுத்திரத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பாளை வாசகன்

அதற்குத்தானே வானிலை முன்னறிவிப்பு இருக்கிறது? கனமழை என்று சொல்லியிருந்தார்கள்.

குறுக்குத்துறை

கனமழை என்று பல முறை சொல்கிறார்கள், தம்பி. சொன்ன ஒவ்வொரு முறையும் இறக்கினால் எத்தனை முறை வீணாகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளம் வந்த ஒரு இரவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "இறக்கியிருக்க வேண்டும்" என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மதகடி

இதில் நான் இருவர் பக்கமும் முழுதாக நிற்கவில்லை. பயிருக்கு நீர் வேண்டும் என்பதைக் கால்வாய்ப் பிரிவில் நின்று பார்த்தவன். ஆனாலும் டிசம்பர் நடுவில் அணை விளிம்பு வரை நிறைந்திருந்தால் கொஞ்சமாவது இறக்குவதில் இழப்பு குறைவு என்பதே என் எண்ணம். அண்ணாச்சி இதை ஏற்கமாட்டார், தெரியும்.

எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. நீர்வரத்து என்று நாம் படிக்கிற எண்ணை யாரும் நேரடியாக அளப்பதில்லை. நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, வெளியேற்றத்தைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். இருட்டில், காற்றில், அலை அடிக்கும்போது அளவுகோலை ஓர் அங்குலம் தவறாகப் படித்தாலும் அந்த மணி நேரத்து வரத்து வினாடிக்கு ஆயிரம் கன அடி அளவுக்கு மாறிவிடும். நானே டார்ச் விளக்கில் படித்திருக்கிறேன். ஆகவே ஒரு மணி நேரத்து எண்ணை வைத்து யாரையும் குற்றம் சொல்லவோ விடுவிக்கவோ கூடாது. ஆறேழு மணி நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பிழை பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏரல் மருமகள்

நேற்று மாமனாரிடம் கேட்டேன். ஐயா சொன்னபடி, மிதந்த பொருளைப் பற்றி மட்டும் கேட்டேன். வாசலில் கிடந்த அவருடைய செருப்பும் பிளாஸ்டிக் வாளியும் முதலில் ஆற்றை நோக்கித்தான் போயின என்றார். அப்படியானால் தண்ணீர் வயல் பக்கமிருந்து வந்திருக்கிறது. சொல்லும்போதே அவருக்கு அது உறைத்தது, கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே, காலையில் வெளிச்சம் வந்த பிறகு தண்ணீர் நிறம் மாறியது, செம்மண் கலங்கலாக எதிர்த்திசையில் வந்தது, அதன் பிறகுதான் மடமடவென்று ஏறியது என்றார். "அதுதான் அணைத் தண்ணீர்" என்கிறார் இப்போது.

மகன் விடவில்லை. "அது சிற்றாற்றுத் தண்ணீராகவும் இருக்கலாமே, தாத்தா?" என்றான். இந்த முறை அவர் எழுந்து போகவில்லை. "அப்படியென்றால் அதையும் கேட்டுப் பார்" என்றார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதப் போகிறோம். 16-ஆம் தேதி நள்ளிரவிலிருந்து 19-ஆம் தேதி வரை மணிவாரியான நீர்மட்டமும் வெளியேற்றமும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். வேறு என்ன கேட்க வேண்டும், ஐயா?

மதகடி

நீர்வரத்தைக் கேட்காதீர்கள், நீர்மட்டம் கேட்டது சரி. கொள்ளளவு அட்டவணையையும் சேர்த்துக் கேளுங்கள், வரத்தை உங்கள் மகனே கணக்கிடட்டும். மதகு ஒவ்வொன்றும் எத்தனை அடி, எந்த நேரத்தில் உயர்த்தப்பட்டது என்ற பதிவையும் கேளுங்கள். பாபநாசத்தோடு மணிமுத்தாறு அணையையும் சேர்க்க மறக்காதீர்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் அந்த மூன்று நாள்களும் எவ்வளவு உயரம் வழிந்தது என்பது மிக முக்கியம், ஏனென்றால் உங்களுக்கு மேலே உள்ள கடைசி அளவு அதுதான். மருதூர் அணைக்கட்டு அளவும் கிடைத்தால் சிற்றாறு சேர்ந்த பிறகு ஏற்றம் எந்த நேரத்தில் வந்தது என்று தெரியும்.

வாழைத்தோப்பு

அக்கா, மனு எழுதும்போது எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். குளத்து மறுகால் கடைசியாக எந்த ஆண்டு தூர்வாரப்பட்டது என்று நானும் கேட்க வேண்டும். ஐயா, மறுகால் சுத்தமாக இருந்திருந்தாலும் அந்த மழைக்கு அந்தக் கரை நின்றிருக்குமா என்பதை எப்படிப் பார்ப்பது? பக்கத்தில் தூர்வாரிய குளம் ஒன்று உடையாமல் நின்றது. ஆனால் அது சிறியது, அதற்கு வரத்துக்காலும் வேறு.